சாருக்காகப் பேச ஐந்து நிமிடம்

ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் காலமானால், நம் ஊர்களில் பதினாறாம் நாள் காரியத்தை ஒட்டிப் படத்திறப்பு நடக்கும். கல்யாண மண்டபமாக இருக்கும், இல்லையென்றால் வீட்டு வாசலில் போட்ட பந்தல். மாலை போட்ட படம், குத்துவிளக்கு, ஒரு மைக். ஊர்ப் பெரியவர், ஆசிரியர் சங்கத்துக்காரர், இப்போதைய தலைமையாசிரியர், சம்பந்தி வீட்டார் ஒருவர் என்று வரிசையாகப் பேசுவார்கள். எந்த ஆண்டு பிறந்தார், எந்தப் பள்ளியில் சேர்ந்தார், பதவி உயர்வு எப்போது, நல்லாசிரியர் விருது எப்போது, பிள்ளைகள் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்பதை ஒருவர் சொல்வார். அடுத்தவரும் அதையே சொல்வார். அவ்வளவும் அழைப்பிதழிலேயே அச்சாகியிருக்கும். கடைசியில், "சாரிடம் படித்த மாணவர் சார்பில் இரண்டு வார்த்தை" என்று ஒருவரைக் கூப்பிடுவார்கள்.

அந்த இடத்தில் நிற்கப்போகிறவருக்காகத்தான் இந்தக் கட்டுரை. பந்தலில் இருக்கும் எல்லோரும் காத்திருப்பது அவருடைய பேச்சுக்காகத்தான். மற்றவர்களுக்கு இறந்தவர் சக ஊழியர், உறவினர், ஊர்க்காரர். வகுப்பறைக்குள் அவர் எப்படி இருந்தார் என்பது மாணவருக்கு மட்டுமே தெரியும். வீட்டாருக்கும் அது தெரியாது. முப்பது வருடம் அவரோடு குடும்பம் நடத்திய மனைவிகூட அவர் பாடம் நடத்தி ஒரு நாளும் பார்த்திருக்க மாட்டார்.

ஆனால் அந்த மாணவரும் பெரும்பாலும் என்ன சொல்கிறார்? "சார் அன்பானவர், எளிமையானவர், கண்டிப்பானவர், நேரம் தவறாதவர், எங்களுக்கெல்லாம் ஏணியாக இருந்தவர்." இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் பக்கத்து ஊர்ப் பள்ளியின் சரித்திர ஆசிரியர் படத்துக்கு முன்னால் நின்றும் இதே வாக்கியங்களை அப்படியே சொல்லிவிடலாம். எழுதி முடித்ததும் செய்து பார்க்க ஒரு சோதனை உண்டு. பெயரை எடுத்துவிட்டு வேறொரு ஆசிரியர் பெயரைப் போட்டுப் படியுங்கள். எந்த வரி அப்போதும் பொருந்துகிறதோ அந்த வரியை அடித்துவிடுங்கள். முதல் வரைவில் பெரும்பாலும் எல்லா வரியும் போய்விடும். அதற்காக மனம் தளர வேண்டாம், உரை அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

ஒரு குணத்தை அந்தக் குணத்தின் பெயரையே சொல்லாமல் எப்படிக் காட்டுவது என்பதற்கு, நம்மில் பலரும் படித்த உதாரணம் ஒன்று உண்டு. ராமேஸ்வரத்தில் தொடக்கப் பள்ளியில் தமக்கு அறிவியல் சொல்லித் தந்த சிவசுப்பிரமணிய ஐயரைப் பற்றி அப்துல் கலாம் 'அக்னிச் சிறகுகள்' நூலில் எழுதியிருக்கும் பகுதி. ஐயர் ஆசாரமான பிராமணர். அவர் மனைவி அதைவிட ஆசாரம் பார்ப்பவர். ஒரு நாள் ஐயர் சிறுவன் கலாமைச் சாப்பிட வீட்டுக்கு அழைக்கிறார். ஒரு முஸ்லிம் பையனுக்குத் தன் சமையலறையில் பரிமாற அந்த அம்மாள் சம்மதிக்கவில்லை. ஐயர் கோபப்படவும் இல்லை, மனைவியோடு வாதாடவும் இல்லை. தம் கையாலேயே பையனுக்குப் பரிமாறி, பக்கத்தில் உட்கார்ந்து தாமும் சாப்பிடுகிறார். அந்த அம்மாள் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். கலாம் கிளம்பும்போது ஐயர், அடுத்த வாரமும் சாப்பிட வா என்கிறார். தயங்கிய பையன் மறு வாரம் போகிறான். இந்த முறை அந்த அம்மாளே அவனை உள்ளே அழைத்துப்போய்த் தம் கையால் பரிமாறுகிறார்.

இதில் ஐயர் நல்லவர், முற்போக்கானவர் என்று சொல்லவே தேவையில்லாமல் போய்விடுகிறது. இந்தச் சம்பவத்தின் உயிர் இரண்டாவது அழைப்பில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். முதல் அழைப்பை ஒரு வேகத்தில் யாரும் விடுத்துவிடலாம். வீட்டில் அவ்வளவு சங்கடம் நடந்த பிறகு, அதே மனைவி கதவுக்குப் பின்னால் நிற்கும்போதே அடுத்த வாரமும் வா என்று சொல்ல ஐயரால்தான் முடியும். பையன் மனசும் நோகக் கூடாது, மனைவியும் தாமாகவே மாற வேண்டும் என்று பொறுத்திருந்த மனிதர் அந்த ஓர் அழைப்பில் முழுசாகத் தெரிகிறார். நினைவுரைக்குத் தேடவேண்டியது இப்படிப்பட்ட ஒரு நொடியைத்தான். அது பெரிய செயலாக இருக்க வேண்டியதில்லை. அவர் செய்ததாக இருக்க வேண்டும், அவர் மட்டுமே அப்படிச் செய்வார் என்று கேட்பவருக்குத் தோன்ற வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இப்படி ஓர் உரை தயாரிக்க வேண்டி வந்தது. சிறிய டவுன் ஒன்றில் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறார். அவருடைய கணக்கு வாத்தியார் தவறிப்போனார். பேசவேண்டும் என்று சாருடைய மகள் நேரில் வந்து கேட்டுக்கொண்டார். இவர் பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறி, அக்டோபரில் மறுபடி எழுதித் தேறியவர். "நல்லாப் படிச்ச பசங்க எவ்வளவோ பேர் இருக்காங்க, என்னை ஏன்ணே கூப்பிடுறாங்க?" என்று என்னிடம் வந்தார். கையில் ஒரு தாள் இருந்தது. பிறந்த ஆண்டிலிருந்து விருது வரை எல்லாம் அதில் இருந்தது. அதை அப்படியே மடித்து வைத்துவிட்டு, சாரைத் தெரிந்தவர்களிடம் போய்க் கேளுங்கள் என்றேன்.

கேட்பதில் ஒரு முறை இருக்கிறது. "சார் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "தங்கமான மனுஷன்" என்றுதான் பதில் வரும். அதற்கு மேல் ஒன்றும் கிடைக்காது. வகுப்புக்குள் வந்ததும் முதலில் என்ன செய்வார், கோபம் வந்தால் எப்படித் தெரியும், பேப்பர் திருத்த எங்கே உட்காருவார், பையன் பதில் தெரியாமல் நின்றால் எவ்வளவு நேரம் காத்திருப்பார் என்று கேட்க வேண்டும். கைக்கும் கண்ணுக்கும் தெரிந்த விஷயத்தைக் கேட்டால் ஞாபகம் தானாக அவிழும். கேட்கும் ஆட்களும் ஒரே வகையாக இருக்கக் கூடாது. முதல் மதிப்பெண் எடுத்தவருக்குத் தெரிந்த சார் வேறு, கடைசி பெஞ்சில் இருந்தவருக்குத் தெரிந்த சார் வேறு, மணி அடித்தவருக்குத் தெரிந்த சார் வேறு.

அவர் அலைந்து திரட்டி வந்ததில் மூன்று விஷயங்கள் நின்றன.

ஓய்வுபெற்ற அலுவலக உதவியாளர் சொன்னது முதலாவது. பரீட்சைக் கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகளுக்கு சார் தாமே கட்டிவிடுவாராம். யார் யாருக்கு என்றும் அவர் சொன்னார். இதைத்தான் முதலில் சொல்லவேண்டும் என்று நம் நண்பர் துடித்தார். வேண்டாம் என்றேன். சின்ன ஊர். பெயர் சொல்லாமல் "ஒரு மாணவனுக்கு" என்றாலும் பந்தலில் நாலு பேர் திரும்பி ஒருவரைப் பார்ப்பார்கள். சார் யாருக்கும் தெரியாமல் செய்ததை நாம் மைக்கில் சொல்வது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. உதவி பெற்றவரே எழுந்து வந்து சொன்னால் அது வேறு. அது அவருடைய உரிமை.

இரண்டாவது, மகள் சொன்னது. ஒன்பதாம் வகுப்பில் அவர் அப்பாவிடமே படித்தார். வகுப்பில் "சார்", வீட்டில் "அப்பா". காலாண்டுத் தேர்வில் கணக்கில் 34 மதிப்பெண். தேற 35 வேண்டும். சார் ஒரு மதிப்பெண் கூட்டிப் போடவில்லை. சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு, வகுப்பாசிரியர் என்ற இடத்தில் கையெழுத்திட்டு, மகளிடம் ராங்க் கார்டைக் கொடுத்து, "வீட்டுல அப்பாகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாம்மா" என்று அனுப்பினார். அன்று ராத்திரி வீட்டில் அதே கார்டை வாங்கிப் பெற்றோர் என்ற இடத்திலும் கையெழுத்திட்டு, மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, விட்ட கணக்கை எல்லாம் போடச் சொல்லியிருக்கிறார். அந்தக் கார்டு இன்னும் மகளிடம் இருக்கிறது. ஒரே அட்டையில் ஒரே மனிதரின் இரண்டு கையெழுத்து.

மூன்றாவது, நம் நண்பரே கண்ணால் கண்டது. சார் கரும்பலகையில் காரணிப்படுத்தும் கணக்கு ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தார். கூட்டல், கழித்தல் குறி இடம் மாறிவிட்டது. பின்னால் இருந்த பையன் ஒருவன், "சார், தப்பு" என்றான். வகுப்பே திரும்பி அவனைப் பார்த்தது. சார் ஒன்றும் பேசாமல் பலகையிலேயே பெருக்கிப் பார்த்தார். பையன் சொன்னதுதான் சரி. டஸ்டரை எடுக்கவில்லை. தவறான வரியின் மேல் ஒரே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் சரியானதை எழுதிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார். மணி அடிக்கும் வரை அந்த அடித்த வரி பலகையிலேயே இருந்தது. பரீட்சையிலும் எங்களை அப்படித்தான் எழுதச் சொல்வார் என்றார் நண்பர். தவறை ரப்பரால் தேய்க்கக் கூடாது, ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு அடுத்து எழுத வேண்டும், எங்கே வழி தப்பியது என்று திருத்துகிறவருக்குத் தெரிய வேண்டும். பிள்ளைகளுக்குச் சொன்னதைத் தமக்கும் அப்படியே வைத்துக்கொண்டார்.

நினைவை நம்பி மட்டும் மைக் பிடிக்கக் கூடாது. "தப்பு" என்று சொன்ன பையன் இப்போது திருப்பூரில் இருக்கிறார். அவருக்குப் போன் போட்டுக் கேட்கச் சொன்னேன். சம்பவம் உண்மைதான், ஆனால் நடந்தது ஒன்பதாம் வகுப்பில் என்றார் அவர். நம் நண்பர் பத்தாம் வகுப்பு என்று உறுதியாக இருந்தார். கோடு போட்டு அடித்தது, பலகையில் அப்படியே விட்டது, இந்த இரண்டிலும் இருவரும் ஒத்துப்போனார்கள். ஒத்துப்போனதைச் சொல்வது, ஒத்துப்போகாத வகுப்பை விட்டுவிடுவது என்று முடிவாயிற்று. பல ஆண்டுக்கு முந்தைய விஷயத்தில் இப்படி விளிம்பு கலங்குவது சகஜம். சம்பவத்தின் நடு சரியாக இருந்தால் போதும். அது யாரோ சொல்லக் கேட்டதாக மட்டும் இருந்தால், "இன்னார் என்னிடம் சொன்னார்" என்றே சொல்லிவிட வேண்டும். கேட்டதைக் கண்டதாகச் சொன்னால், உண்மையில் கண்டவர் அதே பந்தலில் உட்கார்ந்திருப்பார்.

அடுத்து எழுதும் வேலை. முதல் வரைவில் நண்பர் அந்தக் கணக்கையே முழுசாக எழுதியிருந்தார். அதை எடுத்தோம். கணக்கைச் சொன்னால் கேட்பவர் மனசுக்குள் போட்டுப் பார்க்க ஆரம்பித்துவிடுவார், சாரை மறந்துவிடுவார். "குறி மாறிவிட்டது" என்பதே போதும். அதற்குப் பதிலாக டஸ்டர் நின்றது. அது சார் எடுக்காத பொருள், ஆனாலும் சம்பவம் கண்ணுக்குத் தெரிவது அதனால்தான். ஒரு சம்பவத்தில் இப்படி ஒரு பொருளோ ஒரு சைகையோ துல்லியமாக இருந்தால் போதும். சட்டையின் நிறம், அன்றைய வெயில், பெஞ்சு வரிசை எல்லாம் சேர்த்தால் உரை கனத்துப்போகும்.

இன்னொரு ஆபத்தும் அந்த வரைவில் இருந்தது. பாதி உரைக்கு மேல் பேசுகிறவரின் சொந்தக் கதை. தவறியது, அக்டோபரில் எழுதியது, கடை வைத்தது, இன்று நன்றாக இருப்பது. இது எல்லா மாணவருக்கும் வரும். நன்றி சொல்ல ஆரம்பித்து, தன் வரலாற்றில் போய் நின்றுவிடுவோம். வாக்கியங்களின் எழுவாயைப் பார்த்தாலே தெரியும். "நான்" என்று தொடங்கும் வரிகள் "சார்" என்று தொடங்கும் வரிகளைவிட அதிகம் என்றால், படத்தில் இருப்பவரைத் தள்ளிவிட்டு நாம் வந்து நிற்கிறோம்.

திருத்தி முடித்தபின் உரையின் நடுப்பகுதி இப்படி இருந்தது: "சார் அன்னைக்கு டஸ்டர எடுக்கல. ஒரு கோடு போட்டாரு. பக்கத்துல சரியா எழுதினாரு. மணி அடிக்கிற வரைக்கும் அந்தத் தப்பு அங்கேயே இருந்துச்சு. நாப்பது பசங்க முன்னாடி தன் தப்ப மறைக்காம நின்ன வாத்தியார நான் அப்பதான் முதமுதலா பாத்தேன். அக்கா இங்க உக்காந்திருக்காங்க. அவங்களக் கேட்டுட்டுதான் சொல்றேன். சார் தன் சொந்த மகளுக்கு முப்பத்தி நாலு மார்க்தான் போட்டாரு. அந்த ராங்க் கார்டுல வாத்தியாரா ஒரு கையெழுத்து, அப்பாவா ஒரு கையெழுத்து போட்டாரு." இதற்குப் பின் "இதிலிருந்து நமக்குத் தெரிவது என்னவென்றால்" என்று ஒரு விளக்க வரி இருந்தது. அதையும் எடுத்தோம். சம்பவம் சரியாக இருந்தால் விளக்கம் அதன் பலத்தைக் குறைக்கும். பேச்சுத் தமிழிலேயே எழுதியதும் யோசித்துச் செய்ததுதான். மேடைத் தமிழ் பழக்கமில்லாதவர் அதை முயன்றால், துக்கம் தொண்டையில் இருக்கும் நேரத்தில் வார்த்தை தடுக்கும்.

குறைகளைச் சொல்லலாமா என்பது எப்போதும் வரும் கேள்வி. குறையே இல்லாத மனிதரை யாரும் நம்புவதில்லை. ஆகவே எல்லோருக்கும் தெரிந்த, யாரையும் நோகடிக்காத ஒரு பிடிவாதத்தைச் சொல்வது உரைக்கு உயிர் தரும். இந்த சார் பி.டி. பீரியடைப் பிடுங்கிக்கொள்வார். பசங்கள் மைதானத்துக்கு ஓடத் தயாராக நிற்கும்போது சாக்பீஸோடு வந்து நிற்பார். உரையில் இதைச் சொன்னபோது பந்தல் முழுக்கச் சிரித்தது. சாருடைய மனைவியும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டது.

அடியைப் பற்றி மட்டும் எச்சரிக்கை வேண்டும். "சார் அன்னைக்கு அடிச்ச அடிதான் இன்னைக்கு நான் நிக்கிற நிலை" என்பது நம் நினைவேந்தல் மேடைகளில் பெருமையாகச் சொல்லப்படும் வரி. சொல்பவர் மனதாரத்தான் சொல்கிறார். ஆனால் அதே பந்தலில் அந்த அடிக்குப் பயந்து பள்ளியை விட்டே நின்றவரும் இருக்கலாம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், அதன் 17-ஆம் பிரிவில், பிள்ளைகளை உடலால் தண்டிப்பதையும் மனதால் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. இன்றைய இளம் ஆசிரியர்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். அடியைப் புகழாகச் சொன்னால் அவர்கள் அதை ஒரு வழிகாட்டுதலாக எடுத்துப்போகக்கூடும். சார் கண்டிப்பானவர் என்று காட்ட வேண்டுமானால், அந்த 34 மதிப்பெண் போதும்.

நேரக் கணக்கு எளிது. நிதானமாகப் பேசினால் ஐந்து நிமிடத்துக்கு ஏறக்குறைய நானூறு வார்த்தை. அதற்கு மேல் எழுதாதீர்கள். எழுதியதை மனதுக்குள் படிக்காமல் வாய்விட்டு, கடிகாரம் வைத்துப் படித்துப் பாருங்கள். எந்த வரியில் குரல் உடைகிறது என்று அப்போது தெரிந்துவிடும். அந்த வரிக்கு முன்னால் தாளில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். மேடையில் அங்கே நின்று, மூச்சு விட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போகலாம். அழுகை வந்தால் வரட்டும், யாரும் குறை சொல்லப்போவதில்லை. மனப்பாடம் மட்டும் வேண்டாம். துக்கத்தில் முதலில் கைவிடுவது மனப்பாடம்தான். தாளைப் பார்த்துப் படிப்பதில் தவறே இல்லை.

எப்படி முடிப்பது என்பதை வீட்டாரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். "ஆன்மா சாந்தியடையப் பிரார்த்திப்போம்" என்று பழக்கத்தில் சொல்லிவிடுவோம். பகுத்தறிவாளர் வீட்டில் அது பொருந்தாது, அவர்கள் புகழ்வணக்கம் என்பார்கள். கிறிஸ்தவர் வீட்டில் அவர்கள் வழக்கம் வேறு. எங்கும் பொருந்துவது, படத்தைப் பார்த்தோ, சாருடைய மனைவியையும் பிள்ளைகளையும் பார்த்தோ ஒரு நன்றி சொல்லிவிட்டு இறங்குவது. நம் நண்பர், "டீச்சரம்மா, சாரை எங்களுக்குப் பகிர்ந்து கொடுத்ததுக்கு நன்றிம்மா" என்று சொல்லி இறங்கினார். அது தாளில் இல்லை, அங்கே வந்தது.

சின்ன விஷயத்துக்கு எவ்வளவு ஆயுள் என்று சந்தேகம் வந்தால் உ.வே.சாமிநாதையரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876-இல் காலமானார். உ.வே.சா. ஆசிரியரின் வரலாற்றை எழுதி வெளியிட்டது 1930-களில். தம் வாழ்க்கை வரலாற்றை 'ஆனந்த விகடன்' இதழில் எழுதத் தொடங்கியது 1940-இல். அத்தனை காலம் கழித்தும் அவருக்கு மறக்காமல் இருந்தவற்றுள் ஒன்று, மாயூரத்து வீட்டில் பிள்ளை வைத்து வளர்த்த செடிகள். காலையில் பிள்ளை வந்து எந்தச் செடியில் புதிதாகத் தளிர் விட்டிருக்கிறது என்று ஆசையாகப் பார்ப்பாராம். அவருடைய அன்பைப் பெற விரும்பிய இளம் மாணவர், முன்னதாகவே எழுந்து தளிர்களைத் தேடி வைத்துக்கொண்டு காட்டுவாராம். புராணங்களாகப் பாடிக் குவித்த பெரும்புலவர் அந்தத் தளிர்களுக்கு முன்னால் நிற்பது இன்றும் நமக்குத் தெரிகிறது, ஒரு மாணவர் அதை எழுதி வைத்ததால்.

நீங்களும் எழுதிக் கொடுங்கள். பேசி இறங்கியதும் அந்தத் தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். தெளிவான கையெழுத்தில் இன்னொரு பிரதி எடுத்து, அடியில் உங்கள் பெயரையும் நீங்கள் அவரிடம் படித்த ஆண்டையும் எழுதி, சாருடைய வீட்டாரிடம் கொடுத்துவிடுங்கள்.